ஐந்து கலவைக்கு ஐந்து K: இரும்பு–தயோசயனேட் சோதனையில் எண்கள் ஏன் இறங்குகின்றன?

கேள்வி: "சமநிலை மாறிலி பிராக்டிகல். எல்லாக் கரைசலும் 0.5 மோலார் நைட்ரிக் அமிலத்தில் தயாரித்தது. ஒவ்வொரு கலவையிலும் 0.002 மோலார் ஃபெரிக் நைட்ரேட் 5 மில்லி, 0.002 மோலார் பொட்டாசியம் தயோசயனேட் முறையே 1, 2, 3, 4, 5 மில்லி, மீதி அமிலம், மொத்தம் 10 மில்லி. 447 நானோமீட்டரில் ரீடிங் 0.132, 0.236, 0.340, 0.434, 0.531. ஸ்டாண்டர்டு கரைசல் (0.2 மோலார் இரும்பு 9 மில்லி, தயோசயனேட் 1 மில்லி) 0.905. வாலைவடிநீரை வேறொரு கியுவெட்டில் ஊற்றி ஜீரோ வைத்தேன். K 176, 158, 155, 151, 151 என்று வருகிறது. மாறிலி என்றால் மாறக்கூடாதே? சராசரி 158 என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?"

பதில்:

எழுதாதீர்கள். அந்த 158 உண்மையான மதிப்பைக் காட்டாது. சராசரி எடுப்பதற்கு முன் அந்த ஐந்து எண்களையும் வரிசையாக இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். 176, 158, 155, 151, 151. மேலே கீழே குதிக்கவில்லை, ஒரே திசையில் இறங்குகின்றன. பிப்பெட்டில் கை தவறியிருந்தால் ஒன்று கூடும், அடுத்தது குறையும், அதற்கு ஒழுங்கு இருக்காது. ஒழுங்காக இறங்குகிறது என்றால், எல்லாக் கலவைக்கும் ஒரே தவறு நடந்திருக்கிறது, ஆனால் அந்தத் தவறு முதல் கலவையைத்தான் அதிகம் பாதித்திருக்கிறது என்று அர்த்தம். தற்செயல் பிழையைச் சராசரி கொஞ்சம் ஆற்றும். இந்த மாதிரிப் பிழையை அது தொடக்கூடச் செய்யாது, மூடி மறைக்கத்தான் செய்யும்.

முதலில் நீங்கள் கணக்குப் போட்ட வழியை நானும் ஒரு கலவைக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்கிலேயே பிழை இருக்குமோ என்று. மூன்றாவது கலவை. 10 மில்லியாகக் கலந்த பிறகு, வினை நடக்கும் முன் இரும்பு 1.00 மில்லிமோலார், தயோசயனேட் 0.60 மில்லிமோலார். (இந்தச் சோதனை முழுக்க மில்லிமோலாரில் யோசித்தால் பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், கடைசியில் K-ஐ ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டால் போதும்.) ஸ்டாண்டர்டில் இருக்கும் தயோசயனேட் 0.200 மில்லிமோலார். அது முழுவதும் சிவப்பு அயனியாக மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டால், 0.905 ரீடிங் என்பது 0.200 மில்லிமோலாருக்குச் சமம். அப்படியென்றால் 0.340 ரீடிங் 0.0751 மில்லிமோலார் FeSCN²⁺. அதை ஆரம்ப அளவுகளிலிருந்து கழித்தால் மிச்சமிருக்கும் இரும்பு 0.9249, தயோசயனேட் 0.5249.

```
K = 0.0751 / (0.9249 × 0.5249) × 1000 ≈ 155
```

சரிதான், உங்கள் எண்ணே வருகிறது. கணக்கில் குறையில்லை. அப்போது குறை ரீடிங்கில் இருக்க வேண்டும்.

இங்கே உங்கள் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: வாலைவடிநீரை "வேறொரு கியுவெட்டில்" ஊற்றி ஜீரோ வைத்தீர்கள். இரண்டு கியுவெட்டுகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றில் மெல்லிய கீறல், ஒன்றில் விரல் ரேகை, ஒன்று பழசாகி லேசாக மங்கியது என்று ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் நிறத்தோடு சம்பந்தமில்லாமல் எல்லா ரீடிங்கிலும் ஒரே அளவு கூடுதலாக உட்கார்ந்துகொள்ளும். கூடுதல் 0.02 என்று வைத்துக்கொள்வோம். 0.531 ரீடிங்கில் அது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. 0.132 ரீடிங்கிலோ பதினைந்து சதவீதம். நிறம் குறைந்த கலவை அதிகம் அடிவாங்கும், நிறம் கூடக்கூட அடி குறையும். உங்கள் எண்களின் நடையும் இதுதான்: முதல் படியில் 18 இறக்கம், அடுத்து 3, பிறகு 4, கடைசியில் ஒன்றுமில்லை.

ஊகத்தைச் சோதிக்க ஒரு சின்ன வேலை செய்யலாம். எல்லா ரீடிங்கிலிருந்தும், ஸ்டாண்டர்டிலிருந்தும், ஒரே அளவைக் கழித்துவிட்டு K-ஐ மறுபடி போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன். 0.010 கழித்தால் முதல் கலவை 162, ஐந்தாவது 149. இன்னும் இறங்கத்தான் செய்கிறது. 0.030 கழித்தால் தலைகீழாகிறது: முதலாவது 135, ஐந்தாவது 146. நடுவில் 0.020 கழித்தபோது வந்தவை இவை:

```
ரீடிங்   0.112   0.216   0.320   0.414   0.511   (ஸ்டாண்டர்டு 0.885)
K        149     146     148     146     148
```

இப்போது எண்கள் குதிக்கின்றன, ஆனால் இறங்கவில்லை. இதுதான் பிப்பெட்டின் கைத்தவறு மட்டும் மிச்சமிருக்கும்போது தெரியும் தோற்றம்.

ஆனால் ஒன்று, இந்த 0.020-ஐ அப்படியே ரெக்கார்டில் எழுதக் கூடாது. K சமமாக வரவேண்டும் என்பதற்காக நான் தேர்ந்தெடுத்த எண் அது. அதை வைத்து "K சமமாக வந்தது பாருங்கள்" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அது நோயைக் கண்டுபிடிக்க உதவும், மருந்து அளந்துதான் வர வேண்டும். அளக்கும் வழி எளிது. ஆறாவதாக ஒரு கலவை தயாரியுங்கள்: 0.002 மோலார் இரும்பு 5 மில்லி, அமிலம் 5 மில்லி, தயோசயனேட் கிடையாது. அதைக் கலவைகளை வைத்த அதே கியுவெட்டில், அதே பக்கம் ஒளியைப் பார்க்கும்படி வைத்து ரீடிங் எடுங்கள். 0.02-க்குப் பக்கத்தில் காட்டினால் குற்றவாளி பிடிபட்டான். இனிமேல் ஜீரோ வைப்பதே அந்தக் கரைசலில்தான். இருக்கிற ஒரே கியுவெட்டை ஒவ்வொரு முறையும் அடுத்த கரைசலால் இரண்டு தடவை அலசிவிட்டுப் பயன்படுத்துவது, இரண்டு கியுவெட்டை மாற்றி மாற்றி வைப்பதைவிட எப்போதும் மேல்.

ஸ்டாண்டர்டுக்குத் தனி பிளாங்க் வேண்டும். அதில் இரும்பு 0.18 மோலார், கலவையைவிட 180 மடங்கு. அவ்வளவு இரும்பு இருக்கும்போது அதன் சொந்த மஞ்சள் சாயலும் கணக்கில் கொஞ்சம் ஏறலாம். 0.2 மோலார் இரும்பு 9 மில்லியோடு அமிலம் 1 மில்லி சேர்த்தால் அதற்கான பிளாங்க் தயார்.

கியுவெட் அல்லாமல் வேறு ஒரு காரணமும் இதே மாதிரி இறக்கத்தைத் தரும், அதையும் விலக்கிவிட வேண்டும். இந்தச் சிவப்பு நிலைத்து நிற்கிற சிவப்பு இல்லை. ஃபெரிக் இரும்பு தயோசயனேட்டை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து தானும் ஃபெரஸாக மாறிவிடும். வெளிச்சம் பட்டால் இன்னும் சீக்கிரம். ஒரு வருடம் என் மாணவர் குழு ஒன்றில் எல்லோருக்குமே K கடைசிக் கலவைகளில் குறைந்து வந்தது. கியுவெட்டைச் சந்தேகப்பட்டேன், பிளாங்க் சரியாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், மிஷினுக்கு வரிசை நீளம் என்று கலந்த டியூப்களை ஸ்டாண்டோடு கொண்டுபோய் வெயில் விழும் ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். முதல் டியூப் உடனே மிஷினுக்குப் போனது, ஐந்தாவது அரை மணி நேரம் வெயில் காய்ந்தது.

இந்த இரண்டு காரணங்களையும் எண்களை வைத்தே பிரித்துவிடலாம். கியுவெட் பிழை என்றால் முதல் படியில் பெரிய சரிவு, பிறகு சமதளம். ஐந்தாவது K தான் உண்மைக்கு மிக அருகில் இருக்கும். நிறம் வெளிறுவது என்றால் இறக்கம் ஓரளவு சீராக, காத்திருந்த நேரத்துக்கு ஏற்றபடி போகும். அங்கே முதலாவது K தான் நம்பத்தகுந்தது. உங்களுடையது முதல் வகை. ஆனாலும் ஊகத்தில் விட வேண்டாம். ஐந்தாவது ரீடிங் முடிந்ததும் முதல் கலவையைத் திரும்ப வைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் வந்ததே வந்தால் நிறம் போகவில்லை. இன்னும் நல்லது, தயோசயனேட்டைக் கடைசியாக, ஒவ்வொரு டியூபுக்கும் அதன் முறை வரும்போது சேர்ப்பது. நிறம் வர ஒரு கணம்கூட ஆகாது என்பதால் காத்திருக்கத் தேவையில்லை.

இப்போது பிளாங்க் சரி, நிறமும் போகவில்லை, K 149, 146, 148, 146, 148 என்று அழகாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 147. இதை எழுதிவிடலாமா? இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது, அதுதான் இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் அவை சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இது அப்பட்டமாகக் காட்டும்.

ஸ்டாண்டர்டில் தயோசயனேட் முழுவதும் சிவப்பாக மாறிவிட்டது என்று ஆரம்பத்தில் வைத்துக்கொண்டோம். இரும்பு ஆயிரம் மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக மிகுந்திருப்பதால் அது நியாயம் என்று கையேடும் சொல்லும். உண்மையில் எவ்வளவு மாறுகிறது என்று இப்போது நம்மால் சொல்ல முடியும், ஏனென்றால் நம்மிடம் ஒரு K இருக்கிறது. ஸ்டாண்டர்டில் கட்டுண்ட தயோசயனேட்டுக்கும் சும்மா இருக்கும் தயோசயனேட்டுக்கும் உள்ள விகிதம் K × [Fe³⁺]. அதாவது 147 × 0.18, ஏறக்குறைய 26.5. ஆக 27.5 பங்கில் 26.5 பங்கு சிவப்பு, ஒரு பங்கு சும்மா நிற்கிறது. 96.4 சதவீதம்தான் மாறியிருக்கிறது, நூறு அல்ல. 0.885 ரீடிங் 0.200 மில்லிமோலாருக்கு உரியது என்று நினைத்தோம், அது 0.193 மில்லிமோலாருக்கு உரியது. எனவே எல்லாக் கலவையிலும் சிவப்பு அயனியை ஏறக்குறைய 3.8 சதவீதம் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டோம்.

திருத்திய அளவை வைத்து ஐந்து K-யும் மறுபடி போட்டால் 142, 140, 141, 140, 141. சராசரி 141. இந்த 141-ஐ வைத்து ஸ்டாண்டர்டை இன்னொரு முறை திருத்தினால் 96.2 சதவீதம், K 140.5 அருகில் வரும். அதற்கு மேல் சுற்றினாலும் நகராது. இரண்டே சுற்றில் முடிந்துவிடும் வேலை.

கவனியுங்கள், திருத்துவதற்கு முன்பும் ஐந்து எண்களும் அடுத்தடுத்து நெருக்கமாகவே இருந்தன, பின்பும் நெருக்கமாகவே இருக்கின்றன. ஸ்டாண்டர்டில் வந்த தவறு ஐந்தையும் சேர்த்து ஏறத்தாழ ஒரே அளவு தூக்கிவிட்டது, அதனால் வரிசையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. இறங்குகிற K நம்மிடம் கத்திச் சொல்லும், சமமாக நிற்கிற K சத்தமே போடாது.

இந்தத் திருத்தமும் முழுமையானது இல்லை, அதை மறைக்கக் கூடாது. K-யின் மதிப்பு கரைசலில் மொத்தம் எவ்வளவு அயனி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். Fe³⁺ மூன்று நேர்மின்சுமை கொண்டது, SCN⁻ ஒன்று எதிர்மின்சுமை கொண்டது. சுற்றிலும் வேறு அயனிகள் கூடினால் இருவருக்கும் இடையிலான ஈர்ப்பு தணிகிறது, K குறைகிறது. உங்கள் கலவைகளில் அமிலம் மட்டுமே கிட்டத்தட்ட எல்லா அயனிகளையும் தருகிறது, அயனி வலிமை 0.5. அதில் 140-ஐ ஒட்டி வருவது 25 டிகிரியில் எதிர்பார்க்கக்கூடிய மதிப்புதான். மிக நீர்த்த கரைசலுக்கு நீட்டிக் கணக்கிட்ட மதிப்போ ஆயிரத்தை நெருங்கும். அதனால்தான் இணையத்தில் தேடினால் ஒரு இடத்தில் 140, இன்னொரு இடத்தில் 900 என்று பார்த்துக் குழப்பம் வருகிறது. இரண்டுமே தப்பில்லை, நிபந்தனைதான் வேறு. உங்கள் ஸ்டாண்டர்டில் 0.18 மோலார் ஃபெரிக் நைட்ரேட் இருப்பதால் அயனி வலிமை ஒன்றரைக்குப் போய்விடுகிறது. அங்கே K கலவையில் இருப்பதைவிட வேறாக இருக்கும், ஆகவே 96.2 என்பதில் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம். மாணவர் சோதனைக்கு இது போதும்.

நீங்கள் எல்லாவற்றையும் 0.5 மோலார் நைட்ரிக்கில் தயாரித்தது நல்ல காரியம், அதனால்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம் இவ்வளவு சுலபமாக வந்தது. சிலர் தயோசயனேட்டையும் நீர்த்தலையும் வெறும் தண்ணீரில் செய்துவிட்டு, இரும்பில் மட்டும் துளி அமிலம் விடுவார்கள். அமிலம் போதவில்லை என்றால் Fe³⁺ தண்ணீரிடம் ஒரு புரோட்டானைத் தள்ளிவிட்டு FeOH²⁺ ஆகும், கரைசல் மஞ்சள் பழுப்பாக மாறும். அந்த மஞ்சளும் 447-இல் ஒளியை உறிஞ்சும், சும்மா இருக்கும் Fe³⁺-உம் நாம் நினைப்பதைவிடக் குறையும், இரண்டு தவறும் ஒரே நேரத்தில். கரைசல் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும்: நீர்த்த இரும்புக் கரைசல் ஏறத்தாழ நிறமில்லாமல் இருக்க வேண்டும், தேநீர் வடிகட்டிய தண்ணீர் மாதிரி இருந்தால் அமிலம் பற்றாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மட்டும் மாற்றாக எடுக்காதீர்கள், குளோரைடும் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். நைட்ரிக் அமிலமும் பழசாகி மஞ்சளடித்திருந்தால் வேண்டாம். அதில் நைட்ரஸ் அமிலம் இருந்தால் இரும்பே இல்லாமல் தயோசயனேட்டோடு சேர்ந்து தனியாக ஒரு சிவப்பைக் கொடுக்கும். சந்தேகமென்றால் அமிலத்தையும் தயோசயனேட்டையும் மட்டும் ஒரு டியூபில் கலந்து பாருங்கள், நிறம் வரக் கூடாது.

வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். இது வெப்பம் உமிழும் வினை, சூடேறினால் சிவப்பு வெளிறும், K குறையும். சிவப்பான டியூபை வெந்நீரில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். நம் ஊர் ஆய்வகத்தில் மதியம் 32 டிகிரியில் எடுத்த K, 25 டிகிரி மதிப்பைவிடச் சற்றுக் குறைவாக வந்தால் அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதினால் போதும்.

அடுத்த பிராக்டிகலில் முழுச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை என்பது நல்ல செய்தி. அதே கியுவெட், அதே கரைசல்கள் இருந்தால் கலவைக்கான பிளாங்க் ஒன்று, ஸ்டாண்டர்டுக்கான பிளாங்க் ஒன்று, சரிபார்க்க முதல் கலவையும் ஐந்தாவது கலவையும் புதிதாக ஒருமுறை. பத்து நிமிட வேலை. பிளாங்க் ரீடிங் என்ன வருகிறதோ அதைக் கழித்துவிட்டு, ஸ்டாண்டர்டை இரண்டு சுற்றுத் திருத்தி, ஐந்து K-யையும் தனித்தனியாகவே எழுதுங்கள். சராசரியைக் கீழே போடுங்கள், அயனி வலிமையையும் வெப்பநிலையையும் அதன் பக்கத்தில். பிளாங்க் 0.020-க்குப் பதிலாக 0.003 என்று காட்டினால் என் ஊகம் தப்பு. அப்போது அந்த முதல் கலவையின் 1 மில்லியை எந்தப் பிப்பெட்டால் எடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள், அங்கிருந்து தேடலாம்.